"சோப்பு போட்டு… more": ஒரு தோசைக்கல் ரீலுக்கு தமிழ் கேப்ஷன் போட்ட கதை

ரீல் போட்டு ஒரு மணி நேரம் கூட ஆகல, கீழ ஒரு கமென்ட். "எந்த சோப்புங்க போடணும்?" அவ்ளோதான். அதைப் பார்த்ததும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு, ஏன்னா அந்த ரீலே தோசைக்கல்லுக்கு சோப்பு போடாதீங்கன்னு சொல்றதுக்காக எடுத்தது, கேப்ஷனை தமிழ்ல எழுதினது நான்.

கோவைப் பக்கம் இரும்பு தோசைக்கல் விக்கிற ஒரு சின்னக் கடை. இன்ஸ்டாகிராம் பேஜ் முழுக்க இங்கிலீஷ்ல நடத்திட்டு இருந்தாங்க. வாங்குற ஆளுங்கள்ல பாதிப் பேர் அம்மா வயசுக்காரங்க, அவங்களுக்கு தமிழ்ல இருந்தா நல்லாருக்கும்னு பழைய ரீல் ஒரு இருபதோட கேப்ஷனை ஒரு ஷீட்ல போட்டு அனுப்பினாங்க. பேஜை பார்த்துக்கிறது ஓனரோட பையன், காலேஜ் முடிச்ச தம்பி. "அக்கா, கேப்ஷன் தானே, ரெண்டு ரெண்டு வரி, ஈஸியா முடிஞ்சிரும்"னு சொன்னான், நானும் அப்படித்தான் நினைச்சேன். இருபதையும் சொல்லப் போறதில்ல, இந்த ஒரு ரீலை மட்டும் சொல்றேன், மத்ததுல வந்த எல்லா சிக்கலும் இதுலயே இருந்துச்சு.

நான் முதல்ல அனுப்பின முதல் வரி இது:

```
உங்க தோசைக்கல்லை சோப்பு போட்டு கழுவாதீங்க! 🧼❌
```

வாக்கியத்துல ஒரு குத்தமும் இல்ல, வீட்ல நாம பேசுற மாதிரியே தான் இருக்கு. ஆனா ரீல் ஓடுறப்ப கேப்ஷன் வீடியோ மேலயே கீழ்ப்பக்கமா வரும், வலது பக்கம் லைக், கமென்ட், ஷேர் பட்டன் எல்லாம் வரிசையா நின்னு அகலத்துல ஒரு பங்கை எடுத்துக்கும், மிச்சம் இருக்கிற இடத்துல ஒரே ஒரு வரி தெரியும், அதுக்கப்புறம் மூணு புள்ளி வச்சு more. தம்பியோட பெரிய ஃபோன்ல "கழுவா" வரைக்கும் வந்துச்சாம், அவனுக்கு புரிஞ்சிருச்சு. கமென்ட் போட்ட அம்மாவோட ஃபோன் சின்னதா இருந்திருக்கும், இல்லன்னா எழுத்து சைஸை பெருசா வச்சிருப்பாங்க, அவங்களுக்கு தெரிஞ்சது இதுதான்: "உங்க தோசைக்கல்லை சோப்பு போட்டு… more". more-ஐ தொடணும்னு எத்தனை பேருக்கு தோணும்? சோப்பு இன்னும் போடணும் போலன்னு கூட எடுத்துக்கலாம் (நான் ரெண்டு நாள் சிரிச்சேன், அதுக்கு முன்னாடி ஒரு நாள் அழுகையா வந்துச்சு).

இங்கிலீஷ் கேப்ஷன்ல இந்தப் பிரச்சனை வரவே இல்ல, ஏன்னா அதுல STOP முதல் சொல்லுலயே நிக்குது, வரியை எங்க வெட்டினாலும் வேணாங்கிற சேதி தப்பிச்சிரும். தமிழ்ல வினை கடைசில வரும், அந்த வினைக்குள்ளயும் இல்லைங்கிறது இன்னும் கடைசில இருக்கும், கழுவுங்க, கழுவாதீங்க ரெண்டுக்கும் வித்தியாசமே "ழு"வுக்கு அப்புறம் தான் தெரிய வரும். நம்ம பாஷைல சேதி வாலுல இருக்கு, ஸ்கிரீன் வெட்டுறதும் வாலைத்தான். இதை ஒரு தடவை பிடிச்சுக்கிட்டா மிச்சம் எல்லாமே அதோட சொந்தக்காரங்க தான்னு புரியும், ஹேஷ்டேக்ல வேற்றுமை உருபு வாலுல ஒட்டுது, எழுத்துல உயிர்க்குறி வாலுல ஒட்டுது, மூணும் வேற வேற இடத்துல அறுந்து விழுது.

முதல் வரியை எப்படி மாத்தினேன்னா, வினையை சுருக்குறது உதவல, வினையையே வேற எடுக்க வேண்டி வந்துச்சு. "வேணாம்" நல்ல சொல்லு. அதுக்கு முன்னாடி பேரை அப்படியே வைக்கலாம், ஐ, ஆல், கு எதுவும் வேணாம், "சோப்பு வேணாம்" ரெண்டே சொல்லுல முடிஞ்சிரும், எந்த ஃபோன்லயும் வெட்டுப்படாது. இதே வழி எமோஜியை சொல்லுக்குப் பதிலா வைக்கிற இடத்துலயும் கை குடுத்துச்சு. இங்கிலீஷ்காரங்க சோப்புங்கிற சொல்லே இல்லாம படத்தை மட்டும் வச்சு "Skip the 🧼"ன்னு எழுதுவாங்க, அதை தமிழ்ல அப்படியே செய்யப் போனா படத்துக்கு உருபு போட வேண்டி வரும். 🧼 பக்கத்துல "ஐ"யோட குறியை மட்டும் ஒட்டினா அதுக்கு ஏறி உக்கார மெய்யெழுத்து இல்லாம புள்ளி புள்ளியா ஒரு வட்டத்தோட ◌ை அப்படின்னு அனாதையா நிக்கும். "🧼 வேணாம்"னா அந்தக் கஷ்டம் இல்ல. ஆனா முதல் வரில படத்தை மட்டும் நம்ப எனக்கு மனசு வரல, சோப்புக்கட்டி எமோஜி சில ஃபோன்ல பார்க்க வெண்ணெய்க் கட்டி மாதிரி இருக்கு, தோசைக்கல் ரீல்ல வெண்ணெய் வேணாம்னு வந்தா ஒரு கூட்டமே சண்டைக்கு வரும். அதனால சொல்லும் வச்சேன், படமும் வச்சேன்.

எமோஜியை வரி கடைசில வைக்கிறதுல இன்னொண்ணு. சொல்லோட இடைவெளி இல்லாம ஒட்டி எழுதிட்டா சேர்ந்தே இருக்கும்னு நினைச்சேன், இருக்காது. வரி உடைக்கிற யூனிகோட் விதில பெரும்பாலான எமோஜி ஒரு தனிப் படம் மாதிரி, அதுக்கு முன்னாடியும் உடைக்கலாம் பின்னாடியும் உடைக்கலாம். அதனால சொல்லும் சோப்புப் படமும் மேல வரில நின்னு, ❌ மட்டும் அடுத்த வரிக்கு தனியா விழுந்துச்சு, பார்க்கிறதுக்கு அடுத்த வரியைத்தான் தப்புன்னு சொல்ற மாதிரி ஆயிருச்சு, அடுத்த வரில இருந்ததோ கல்லை எப்படி பழக்கணும்னு. பிரியாம இருக்க கண்ணுக்குத் தெரியாத ஒட்டுக்குறி ஒண்ணு இருக்கு, ஆனா அப்படிப்பட்ட குறியெல்லாம் காப்பி பேஸ்ட்ல எப்போ காணாம போகும்னு சொல்ல முடியாது. வரியை குட்டியாக்குறது தான் வழி.

பழக்குறதுன்னு சொன்னேன்ல, அதுவே ஒரு கதை. மூலத்துல season அப்படின்னு இருந்துச்சு. ஷீட்ல யாரோ ஏற்கனவே ஒரு தமிழ் போட்டு வச்சிருந்தாங்க, "உங்கள் கல்லுக்கு மசாலா சேர்க்கவும்"னு. புதுக் கல்லை பழக்கணும்னு தான் நம்ம ஊர்ல சொல்லுவோம், மாட்டை வண்டிக்கு பழக்குற மாதிரி. இந்த சொல்லு இங்கிலீஷை விட சின்னது வேற, கேப்ஷன்ல அதுக்கே ஒரு கும்பிடு.

அடுத்து படிப்படியா சொல்ற மூணு வரி. 1️⃣ 2️⃣ 3️⃣ போட்டு ஒவ்வொண்ணும் ஒரே வரில நின்னா தான் அழகு, ரெண்டாவது வரிக்கு மடிஞ்சா நம்பருக்கு நேர் கீழ எழுத்து வந்து பட்டியல் மாதிரியே தெரியாது, கேப்ஷன்ல உள்தள்ளி எழுத வழியும் கிடையாது. முதல் வேலை, அரிசி களைஞ்ச தண்ணில ரெண்டு நாள் ஊற வைக்கிறது. "கழனித்தண்ணி"ன்னா ஒரே சொல்லு, இடம் மிச்சம். ஆனா அது மாட்டுக்கு வைக்கிற தொட்டித் தண்ணியைத்தான் பல பேருக்கு ஞாபகப்படுத்தும், அதுல சோத்துப் பருக்கையிலேருந்து காய்த்தோல் வரைக்கும் கிடக்கும், அதுலயா புதுக் கல்லை போடுவீங்க. அதனால நீளமானதையே வச்சுக்கிட்டு மத்த சொல்லுங்களை வெட்டினேன்.

வெட்டுறப்ப அளவு எப்படி பார்க்கிறதுன்னு ஒரு தகராறு. தம்பி ஷீட்ல 40 எழுத்து தாண்டினா கட்டம் சிவப்பாகுற மாதிரி வச்சிருந்தான். தமிழுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. "தோசைக்கல்" கண்ணுக்கு அஞ்சு எழுத்து, கம்ப்யூட்டர் உள்ள 9 குறியா எண்ணும், த, ஓகாரக் குறி, ச, ஐகாரக் குறி, க, புள்ளி, க, ல, புள்ளின்னு. சரி, குறி எண்ணிக்கையை பாதியாக்கிக்கலாமான்னு கேட்டான், அதுவும் ஆகாது. "ட்" ரெண்டு குறி, அகலம் ஒரு குட்டி எழுத்து. "ணொ" அதுவும் ரெண்டு குறி தான், ஆனா கொம்பு, ண, கால்னு மூணு உருவம் பரந்து நிக்கும். ஒரே எண்ணிக்கைல ரெண்டு மூணு மடங்கு அகலம் மாறுறப்ப எண்ணி என்ன பிரயோஜனம், சிவப்புக் கட்டத்தை எடுக்கச் சொல்லிட்டேன். அதுக்குப் பதிலா ஃபாலோவரே இல்லாத ஒரு பிரைவேட் அக்கவுண்ட் ஆரம்பிச்சு, கேப்ஷனை அதுல போட்டு, கடைல வேலை செய்ற ஒரு அக்காவோட பழைய ஃபோன்ல, எழுத்து சைஸை ஒரு படி ஏத்தி வச்சு பார்த்தோம். அந்த ஃபோன்ல நின்னா எல்லாத்துலயும் நிக்கும்.

இப்போ ஹேஷ்டேக். மூலத்துல ஒரு வாக்கியத்து நடுவுலயே #dosatawa அப்படின்னு டேக் இருந்துச்சு. நான் அதை தமிழாக்கி "#தோசைக்கல்லை பழக்கும் முன்"னு எழுதினேன், நீலமா லிங்க் ஆச்சு, பார்க்க அழகா இருந்துச்சு. தொட்டுப் பார்த்தா உள்ள நம்ம ரீலைத் தவிர வேற ஒண்ணுமே இல்ல. #தோசைக்கல் வேற, #தோசைக்கல்லை வேற, #தோசைக்கல்லில் இன்னும் வேற, ஆப்புக்கு இலக்கணம் தெரியாது, எழுத்து மாறினா அது வேற டேக். இங்கிலீஷ்ல in, on எல்லாம் தனிச் சொல்லா வெளிய நிக்குறதால டேக் மேல கை வைக்காது. நமக்கு வாக்கியத்தையே திருப்பணும், டேக் எழுவாயா நிக்கிற மாதிரி: "#தோசைக்கல் வாங்கியாச்சா?" இல்லன்னா டேக் எல்லாத்தையும் கடைசில கொண்டு போய் கொட்டிரணும். இங்கிலீஷ் எழுத்துல இருக்கிற டேக்குக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி இருக்கு. நாம ஏற்கனவே "bio-ல", "2-க்கு"ன்னு நடுவுல கோடு போட்டு எழுதுற பழக்கம் இருக்குல்ல, அந்தக் கோடு வந்த இடத்துல டேக் முடிஞ்சிரும், அதனால "#castiron-ல சுட்டா"ன்னு எழுதினா டேக் #castiron தான், "-ல" வெளிய நிக்கும். தமிழ் டேக்ல இதைப் பண்ணினா "#தோசைக்கல்-லை"ன்னு விகாரமா வரும், வேண்டாம்.

தம்பி ஆசையா கண்டுபிடிச்ச ஒரு டேக் இருந்துச்சு, #ironகல். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ரெண்டும் கலந்து ஒரே டேக்கா ஆகுது, லிங்க்கும் வேலை செய்யுது, அதுல தப்பில்ல. ஆனா தேடுறவங்க நடுவுல கீபோர்டை மாத்தணும், தமிழ் ஒலிபெயர்ப்பு கீபோர்டுல iron-னு அடிக்க ஆரம்பிச்சாலே அது தமிழா மாறி வேற என்னமோ வந்து நிக்கும். யாரும் தேட மாட்டாங்க தம்பின்னேன். "அது நம்ம பிராண்டுக்கா"ன்னான். சரி, கடைசில ஒரு ஓரமா இருக்கட்டும்னு விட்டேன், ஆனா அவன் எழுதினது "#ironகல்🔥". இன்ஸ்டாகிராம்ல 2015லேருந்து எமோஜியும் ஹேஷ்டேக்குக்குள்ள சேரும், அதனால நெருப்போட சேர்த்து ஒரு டேக், நெருப்பு இல்லாம இன்னொரு டேக்னு ரெண்டாயிரும். நடுவுல ஒரு இடைவெளி விட்டா போச்சு, ஆனா அதை கண்ணால பார்த்து கண்டுபிடிக்கிறது கஷ்டம், தொட்டுத்தான் பார்க்கணும்.

அந்த வாரக் கடைசில தம்பி ஒரு லிஸ்ட் அனுப்பினான், எந்த டேக் எத்தனை ரீல்ல வந்திருக்குன்னு அவனே ஸ்கிரிப்ட் எழுதி எடுத்தது. அதுல தமிழ் டேக் எல்லாம் "#த", "#இர"ன்னு இருந்துச்சு. இரும்புக்கல் தான் "இர" ஆயிருக்கு, இரன்னா தமிழ்ல பிச்சை எடுன்னு அர்த்தம், ஔவையார் பார்த்தா என்ன சொல்லுவாங்களோ. விஷயம் என்னன்னா பைத்தான்ல `\w` எழுத்து, எண், அடிக்கோடு இதுங்களைத்தான் எடுத்துக்கும், நம்ம உயிர்க்குறியும் புள்ளியும் அதோட கணக்குல எழுத்து இல்ல, ஒட்டுக்குறி. முதல் குறி வந்த இடத்துலயே டேக்கை அறுத்துரும்.

```python
re.findall(r"#\w+", "#தோசை #castiron")
# ['#த', '#castiron']

re.findall(r"#[\w\u0B80-\u0BFF]+", "#தோசை #castiron")
# ['#தோசை', '#castiron']
```

தமிழுக்கு யூனிகோட்ல ஒதுக்கின இடம் 0B80லேருந்து 0BFF வரைக்கும், அதை சேர்த்துட்டா முழுசா வரும். அப்படி வந்ததுக்கு அப்புறமும் #தோசை மட்டும் லிஸ்ட்ல ரெண்டு தடவை தனித்தனியா இருந்துச்சு, பார்க்க அச்சு அசலா ஒண்ணு. ஒண்ணுல ஓகாரம் ஒரே குறி, இன்னொண்ணுல ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியா ரெண்டு குறி. பழைய ஃபான்ட்லேருந்து மாத்தின கேப்ஷன் சிலது ஷீட்ல கலந்திருந்துச்சு, அதுலேருந்து வந்தது. எண்ணுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிட்டா ரெண்டும் ஒண்ணாயிரும்:

```python
unicodedata.normalize("NFC", caption)
```

இனி அந்த ஸ்கிரிப்ட் பண்ணின பெரிய சேட்டை. கேப்ஷன் முடிவுல "அம்மா சொன்ன வழி 👩‍🍳"ன்னு சமையல்கார அம்மா எமோஜி வச்சிருந்தேன். ஆப்புல வந்தது "அம்மா சொன்ன வழி 👩🍳". ஒரு பொம்பளை, பக்கத்துல ஒரு ஆம்லெட். அந்த எமோஜி உண்மைல ஒண்ணு இல்ல, பொம்பளைப் படம், நடுவுல கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி U+200D, அப்புறம் அடுப்புச் சட்டிப் படம், மூணும் சேர்ந்தா தான் சமையல்காரம்மா. தம்பி கேப்ஷனை "சுத்தம்" பண்றேன்னு கண்ணுக்குத் தெரியாத குறி எல்லாத்தையும், `[\u200B-\u200D]`ன்னு மொத்தமா, தூக்கிட்டான். U+200B மட்டும் தூக்கச் சொன்னேன். நடுவுல இருக்கிற U+200C-யும் தமிழ்ல வேலைக்கு ஆகுற குறி தான், ரிக்‌ஷான்னு எழுதுறப்ப க், ஷ ரெண்டும் க்ஷவா பின்னிக்காம இருக்க நிறைய பேர் அதைத்தான் போடுறாங்க.

சுவாரசியம் என்னன்னா, தூக்க வேண்டிய குறி அந்த வலைல மாட்டவே இல்ல. மூலக் கேப்ஷன்ல பத்திக்கு பத்தி நடுவுல காலி வரி மாதிரி இருந்தது காலி இல்ல, U+2800, பிரெய்ல்ல புள்ளியே இல்லாத கட்டம். முன்ன இன்ஸ்டாகிராம் காலி வரியை விழுங்கிட்டு இருந்த காலத்துல ஆளுங்க புள்ளி வச்சும் இப்படி பிரெய்ல் கட்டம் வச்சும் ஏமாத்துவாங்க, அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிட்டு வந்திருக்கு. இப்போ நாங்க சாதா என்டர் ரெண்டு தடவை தட்டிப் போட்டுப் பார்த்தோம், காலி வரி அப்படியே நின்னுச்சு. அதனால பிரெய்ல் கட்டம் எல்லாத்தையும் எடுத்துட்டேன். வரி பிரிக்கிறதுல இன்னொரு ஆபத்து ஷீட்லேருந்து வந்துச்சு, ரெண்டு கேப்ஷன்ல வரி முடியுற இடமெல்லாம் `_x000D_`ன்னு இருந்துச்சு. விண்டோஸ்ல அடிச்ச என்டர் ரெண்டு குறியா இருக்கும், எக்செல் ஃபைலுக்குள்ள அதுல ஒண்ணை இப்படித்தான் எழுதி வைப்பாங்க, ஸ்கிரிப்ட் அதை எழுத்துன்னு நினைச்சு வெளிய கொண்டு வந்துருச்சு. போடுறதுக்கு முன்னாடி `_x`ன்னு ஒரு தடவை தேடிப் பார்த்தா தெரிஞ்சிரும்.

STOP-ஐ மூலத்துல தடிச்ச எழுத்துல போட்டிருந்தாங்க, 𝗦𝗧𝗢𝗣 இப்படி. கேப்ஷன்ல போல்ட் வசதி கிடையாது, இது கணக்குப் பாடத்துக்காக யூனிகோட்ல வச்சிருக்கிற தனி எழுத்துங்க. தமிழுக்கு அப்படி ஒரு தொகுப்பே இல்ல, கண் தெரியாதவங்க ஃபோன்ல படிச்சுக் காட்டுற ரீடர் அதை ஒழுங்கா சொல்லா படிக்கும்னும் நம்ப முடியாது. தமிழ்ல அழுத்தம் வேணும்னா அந்த சொல்லை ஒரு வரில தனியா நிறுத்துறது தான் ஒரே வழி, நல்லவேளை முதல் வரி ஏற்கனவே அப்படித்தான் ஆகியிருந்துச்சு.

கடைசியா ஓனர் ஐயாகிட்ட காட்டினது இது:

```
சோப்பு வேணாம்! ❌🧼
தோசைக்கல்லு கெஞ்சுது 🙏

பழக்க 3 வேலை தான் 👇
1️⃣ அரிசி களைஞ்ச தண்ணில 2 நாள்
2️⃣ துடைச்சு நல்லெண்ணெய்
3️⃣ புகை வர்ற வரை சூடு 🔥

அம்மா சொன்ன வழி 👩‍🍳
சேவ் பண்ணி வச்சுக்கோங்க 📌

#தோசைக்கல் #தோசை #castiron #ironகல்
```

மூணு வேலைலயும் வினையை எடுத்துட்டேன், "ஊற வைங்க", "தடவுங்க", "பண்ணுங்க" எதுவும் இல்ல. வீடியோல கை என்ன பண்ணுதுன்னு தெரியுறதால பேரும் அளவும் போதும்னு விட்டேன். ஓனர் ஐயாவுக்கு இது பிடிக்கல, "மளிகைச் சீட்டு மாதிரி இருக்கேம்மா"ன்னார். அவர் சொன்னதுல நியாயம் இருக்கு, ஆனா வினை போட்டா முதல் வேலை அக்காவோட ஃபோன்ல மடியுது, ரெண்டுல ஒண்ணு தான். அவருக்காக ரெண்டாவதுல மட்டும் "தடவுங்க" சேர்த்தோம், அது நின்னுச்சு. முதல் வேலை எழுத்து சைஸை ரெண்டு படி ஏத்தினா இன்னமும் மடியத்தான் செய்யுது, "நாள்" மட்டும் கீழ விழும். அதை அப்படியே விட்டுட்டோம், தனியா விழுந்தாலும் அர்த்தம் மாறல.

திரும்பப் போட்டதுக்கு அப்புறம் வந்த முதல் கமென்ட், "சோப்பு வேணாம்னா பாத்திரம் தேய்க்கிற பவுடர் போடலாமாங்க?" அதுக்கு தம்பியே பதில் எழுதிட்டான்.